மூன்று வரியில் ஒரு தேதி: வ.உ.சி. கண்காட்சிக்குப் படக்குறிப்பு எழுதும் முறை

கண்காட்சி வேலையில் புதிதாகச் சேருபவரிடம் முதலில் ஒப்படைக்கப்படுவது படக்குறிப்புதான். மூன்றே வரி என்பதால் ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று தோன்றும். உட்கார்ந்து எழுதும்போது முதல் வரியும் மூன்றாம் வரியும் எப்படியோ வந்துவிடும். இரண்டாம் வரியில் வர வேண்டிய தேதிதான் வராது. படத்தின் பின்னால் ஒன்று எழுதியிருக்கும், குடும்பத்தார் வேறொன்று சொல்வார்கள், பழைய மலரில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். மூன்றில் ஒன்றைத் தேர்ந்து அச்சிட்டுவிட்டால், திறப்பு விழா அன்று யாராவது ஒரு பெரியவர் பலகை முன் நின்று, "அப்போ அவர் ஜெயில்ல இல்ல இருந்தாரு?" என்று கேட்பார்.

அந்தக் கேள்வி வராமல் எழுதும் முறை இது. எடுத்துக்காட்டு வ.உ. சிதம்பரம் பிள்ளை. அவருடைய வாழ்க்கையில் உறுதியான தேதிகள் போதுமான அளவு இருப்பதால் படங்களுக்கு எல்லை கட்டுவது எளிது. கீழே படிப்படியாக அலசும் படம் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டது. அதில் வரும் சிக்கல்கள் எல்லாச் சேகரிப்புகளிலும் உள்ளவையே.

படம் இதுதான்: அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு வெள்ளை அச்சு. ஐந்து பேர், நடுவில் நாற்காலியில் வ.உ.சி. பின்னால் சுவரில் கப்பல் கம்பெனியின் பெயர்ப்பலகை பாதி தெரிகிறது. பின்புறம் நீலப் பால்பாயின்ட் பேனாவில் "வ.உ.சி. கப்பல் விட்டபோது, 1910" என்ற குறிப்பு. ஓரத்தில் ஒரு ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரை.

1. எழுதுவதற்கு முன் ஒரு படத்தாள்

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள் போடுங்கள். கணினியில் வைத்தாலும் சரி, நோட்டில் வைத்தாலும் சரி. அதில் இரண்டு பகுதி வேண்டும். மேல் பாதியில் கண்ணால் காண்பவை மட்டும்: அச்சின் நீள அகலம், எத்தனை பேர், உடை, தெரியும் எழுத்துகள், பின்புறக் குறிப்பு எழுத்துப் பிசகாமல், அது எந்த மையில் இருக்கிறது, முத்திரையில் என்ன இருக்கிறது. கீழ்ப் பாதியில் பிறர் சொன்னவை: யார் சொன்னார், என்றைக்குச் சொன்னார், அவருக்கு யார் சொன்னது.

இந்தக் கோட்டைப் போடாவிட்டால் என்ன ஆகும் என்றால், பத்து நாள் கழித்து "1910" என்பது படத்தில் கண்டதா, பின்னால் எழுதியிருந்ததா, பேரன் சொன்னதா என்பது உங்களுக்கே மறந்துவிடும். அதற்குள் அந்த எண் பட்டியலில் ஏறி, அழைப்பிதழில் ஏறி, ஆதாரம் உள்ளதுபோல் ஆகியிருக்கும்.

பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பலர் முன்புறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு முத்திரையைப் பார்க்க இன்னொரு பயணம் போக வேண்டியிருக்கும். ஓரம் வெட்டாமல், அட்டையோடு சேர்த்து, 600 டி.பி.ஐ. அளவில் எடுத்தால் பெரிதாக்கிப் பார்க்கவும் போதும், அச்சுக்கும் போதும்.

2. எடுத்த தேதி வேறு, அச்சிட்ட தேதி வேறு

கையில் இருக்கும் தாள் எப்போது அச்சானது, கேமரா எப்போது திறந்து மூடியது என்பவை இரண்டு தனிக் கேள்விகள். விடுதலைப் போராட்ட வீரர்களின் படங்களில் பெரும்பாலானவை நகலின் நகல். குடும்பத்தில் இருந்த ஓர் அசலை நூற்றாண்டு விழா மலருக்காக யாரோ வாங்கிப்போய், ஸ்டூடியோவில் மறுபடி படமெடுத்து, பத்துப் பிரதி போட்டிருப்பார்கள். அசல் எங்கோ போயிருக்கும், பிரதி மட்டும் உங்களிடம் வரும்.

நகலைக் கண்டுபிடிக்கச் செலவு அதிகம் இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ், ஒரு புறஊதா டார்ச், இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் முடியும். லென்ஸில் பார்த்து, முகம் சிறு சிறு புள்ளிகளாகச் சீராகப் பிரிந்தால் அது ஏதோ ஒரு புத்தகத்திலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ எடுத்த நகல். மடிப்பும் கீறலும் கண்ணுக்குத் தெரிந்து, விரலால் தடவினால் தாள் வழுவழுப்பாகவே இருந்தால், அந்த மடிப்பு முந்தைய அச்சில் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் படமெடுத்திருக்கிறார்கள்.

இருட்டறையில் புறஊதா டார்ச்சை அடித்தால் தாள் பளிச்சென்று நீல வெள்ளையாக ஒளிரக்கூடும். புகைப்படத் தாளில் வெண்மையூட்டும் பொருள் சேர்க்கத் தொடங்கியது 1950-களில். ஆகவே ஒளிர்ந்தால் அந்த அச்சு 1950-களுக்கு முந்தையது அல்ல. எதிர்த்திசையில் இதைப் பயன்படுத்தாதீர்கள். ஒளிரவில்லை என்பதால் பழையது என்று ஆகாது, பின்னாளில் வந்த தாள்களிலும் ஒளிராதவை உண்டு. ஒட்டியிருக்கும் அட்டை ஒளிர்வதையும் படம் ஒளிர்வதையும் குழப்பிக்கொள்ளாமல், படத்தின் வெள்ளை ஓரத்தில் பாருங்கள்.

ரப்பர் முத்திரைதான் நம் ஊர்ப் படங்களில் மிகப் பெரிய உதவி. முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால், அந்த முறை 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது என்பதால் முத்திரை அதற்குப் பிந்தையது. "சென்னை மாகாணம்" அல்லது "மெட்ராஸ் ஸ்டேட்" என்றில்லாமல் "தமிழ்நாடு" என்று இருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரி 14-க்குப் பிந்தையது. விலை அணாவில் குறித்திருந்தால் பழைய நாணய முறைக்காலம், நயா பைசா என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிறகு.

நம் படத்து முத்திரையில் பின்கோடு இருக்கிறது. ஆகவே இது 1972-க்குப் பிந்தைய நகல். பால்பாயின்ட் குறிப்பும் அதே கதைதான்: அந்தப் பேனா இந்தியாவுக்கு வந்ததே இரண்டாம் உலகப் போருக்குப் பின். "1910" என்பது நேரில் கண்டவர் அன்றே குறித்தது அல்ல, குறைந்தது முப்பத்தைந்து ஆண்டு கழித்து ஒருவர் நினைவிலிருந்து எழுதியது. இதனால் குறிப்பு பொய் என்று ஆகிவிடாது. அதன் எடை குறைகிறது, அவ்வளவுதான்.

3. இரண்டு பக்கமும் வேலி போடுங்கள்

தேதியைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். எந்தத் தேதிக்கு முன்னால் இந்தப் படம் இருக்க முடியாது, எந்தத் தேதிக்குப் பின்னால் இருக்க முடியாது என்று இரண்டு வேலி மட்டும் போடுங்கள். வேலிக்குக் கம்பமாக நிற்கக்கூடியவை ஆவணத்தில் பதிவான தேதிகள் மட்டுமே.

வ.உ.சி.க்கு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டியவை இவை: பிறப்பு 1872 செப்டம்பர் 5. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16. கப்பல்கள் காலியா, லாவோ தூத்துக்குடிக்கு வந்தது 1907. கைது 1908 மார்ச் 12. தண்டனைத் தீர்ப்பு 1908 ஜூலை 7. கோவை, கண்ணனூர் சிறைகளுக்குப் பின் விடுதலை 1912 டிசம்பர். இறப்பு 1936 நவம்பர் 18.

இந்தத் தாளை நம் படத்தின் பக்கத்தில் வைத்தால் பின்புறக் குறிப்பு உடனே விழுந்துவிடும். 1910-இல் அவர் கோவைச் சிறையில் இருந்தார், அந்த ஆண்டின் கடைசியில்தான் கண்ணனூருக்கு மாற்றப்பட்டார். 1908 மார்ச் 12 முதல் 1912 டிசம்பர் வரை அவர் வெளியில் நாற்காலி போட்டு நால்வரோடு படமெடுத்துக்கொள்ள வழியில்லை. வ.உ.சி. படங்களில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். கப்பல் கம்பெனிக் காலம் என்று பொதுவாக நினைவு வைத்திருப்பவர்கள் அதை 1910 என்று உருண்டையாகச் சொல்லிவிடுகிறார்கள். சிறையிலிருந்து வந்த பிறகு எடுத்த படம்கூட "கப்பல் விட்ட காலம்" என்ற பெயரோடு வரும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் முதல் கேள்வி, இது சிறைக்கு முன்பா பின்பா என்பதாக இருக்கட்டும். அந்த ஐந்தாண்டு இடைவெளி உங்களுக்குக் கிடைத்த வரம்.

இனி முன்வேலி. பெயர்ப்பலகையில் கம்பெனியின் பெயர் படிக்க முடிகிறது. ஆகவே கம்பெனி இருந்த காலம். பதிவான நாள் 1906 அக்டோபர் 16 என்று அப்படியே வேலியாக நடலாமா? நடக் கூடாது என்பது எங்கள் கருத்து. பதிவு என்பது காகிதத்தில் நடந்த நாள். பலகை அதற்குச் சில வாரம் முன்போ பின்போ தொங்கியிருக்கலாம். நாள் துல்லியத்தில் வேலி போட்டால் நம்மிடம் இல்லாத துல்லியத்தைக் காட்டியதாகும். "1906 இறுதி" என்றால் பதிவுக்குச் சற்று முன்னும் பின்னும் இரண்டும் அடங்கும்.

பின்வேலியில் அந்தத் தயக்கம் தேவையில்லை. கைதுக்குப் பிறகு அவர் வெளியில் இல்லை என்பது உறுதி. "1908 மார்ச்" என்று மாதத்தோடு சொல்லலாம். நாளைச் சொன்னால் பார்ப்பவர் இது கைதான அன்று எடுத்த படமோ என்று எண்ணிக்கொள்வார், அதனால் மாதத்தோடு நிறுத்துங்கள்.

படத்தில் கப்பலோ கப்பலின் பெயரோ தெரிந்திருந்தால் முன்வேலியை 1907-க்கு நகர்த்தியிருக்கலாம். நம் படத்தில் பலகை மட்டுமே. "கப்பல் விட்டபோது" என்ற குறிப்பை நம்பி நகர்த்தத் தோன்றும். ஏற்கெனவே ஆண்டில் தவறிய குறிப்பை நிகழ்ச்சியில் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

பலகை நிஜமாகவே பலகையா, பிற்காலத்தில் விழா மேடைக்கு வரைந்ததா என்றும் ஒரு பார்வை வேண்டும். 1961-இல் அவர் வாழ்க்கை திரைப்படமாக வந்தது. அதன் காட்சிகள், அதற்குப் பின் வரைந்த செக்கிழுக்கும் ஓவியங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை நகலாகி "அபூர்வப் புகைப்படம்" என்று சுற்றுகின்றன. செக்கிழுக்கும் காட்சி புகைப்படமாக வந்தால் சந்தேகத்தோடுதான் கையில் வாங்க வேண்டும்.

4. பின்புறத்தில் தமிழ் ஆண்டு இருந்தால்

இது தனிக் கண்ணி. பழைய குறிப்புகளில் "பிலவங்க வருஷம் மார்கழி" என்பதுபோல் இருக்கும். பிலவங்க என்பது 1907 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1908 ஏப்ரல் நடுவில் முடிந்த ஆண்டு. வெறுமனே "பிலவங்க" என்றிருந்தால் "1907" என்று மாற்றாதீர்கள், "1907-08" என்று எழுதுங்கள். மாதம் கொடுத்திருந்தால் இன்னும் நெருங்கலாம், ஆனால் மார்கழியே இரண்டு ஆங்கில ஆண்டில் கால் வைத்திருப்பது: டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை. பிலவங்க மார்கழியில் ஒரு கூடுதல் கவனம், அந்த டிசம்பர் கடைசியில் வ.உ.சி. சூரத் காங்கிரசுக்குப் போயிருந்தார். தூத்துக்குடிப் படம் என்றால் அந்த நாட்களைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் பிலவங்க 1967-68-இலும் வந்தது. நகல் எடுத்தவர் நகல் எடுத்த ஆண்டைக் குறித்திருக்கவும் கூடும். மை, கையெழுத்து, தாள் மூன்றையும் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துக் காகிதங்களில் கொல்லம் ஆண்டும் வரும். அங்கே ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் கடைசிவரை 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடிவரை 825-ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1083 என்றால் 1907 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1908 ஆகஸ்ட் நடுவரை. நாலிலக்க எண்ணைப் பார்த்ததும் ஆங்கில ஆண்டு என்று எடுத்துக்கொண்டு, ஏதோ எழுத்துப்பிழை என்று 1083-ஐ 1883 ஆக "திருத்தி" வைத்தவர்களும் உண்டு.

இரவில் நடந்தவற்றுக்கு இன்னொரு சிறு கண்ணி. பாரதியார் இறந்தது 1921 செப்டம்பர் 11 இரவு கடந்து 12 அதிகாலையில். நாள் சூரிய உதயத்தில் மாறுவதாகக் கணக்கிடும் வீட்டு வழக்கப்படி 11, கடிகாரப்படி 12. பதினொன்று என்பவரும் பன்னிரண்டு என்பவரும் ஒரே இரவைத்தான் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் "11-12 இரவு" என்று எழுதிவிட்டால் சண்டையே இல்லை.

5. ஐயத்துக்கு ஒரு சொல், ஒரே பொருள்

"சுமார்", "ஏறத்தாழ", "கருதப்படுகிறது", "இருக்கலாம்" எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போடுவது நடைக்கு அழகாக இருக்கலாம், கண்காட்சிக்கு ஆகாது. இரண்டு பலகையில் இரண்டு சொல் இருந்தால் பார்ப்பவர் இரண்டு அளவு சந்தேகம் என்று எடுத்துக்கொள்வார். தொடங்கும்போதே குழுவில் உட்கார்ந்து முடிவு செய்து, நுழைவாயில் பலகையில் ஒரு சிறு கட்டத்தில் அச்சிட்டுவிடுங்கள். நாங்கள் பரிந்துரைப்பது நான்கே நான்கு.

"1907" என்று வெறும் எண்: ஆவணம் இருக்கிறது. "சுமார் 1925": இரண்டு ஆண்டு முன்பின் இருக்கலாம். "1906 இறுதிக்கும் 1908 மார்ச்சுக்கும் இடையே": இரண்டு வேலிக்கும் ஆதாரம் உண்டு, நடுவில் எங்கே என்று தெரியாது. "குடும்பக் குறிப்பின்படி 1931": ஒரே ஓர் ஆதாரம், சரிபார்க்க வேறொன்றும் கிடைக்கவில்லை.

இதில் "சுமார்"தான் அதிகம் கெடுவது. எல்லை கட்டச் சோம்பல் வந்தால் கை தானாகச் "சுமார்" போடும். வேலி இரண்டும் இருக்கும் படத்துக்குச் "சுமார் 1907" என்று எழுதினால், உங்கள் சொந்த விதிப்படி 1905-இலிருந்து 1909 வரை என்றாகிறது. 1909 சிறை. கஷ்டப்பட்டுப் போட்ட வேலியை நீங்களே பிடுங்கி எறிந்ததாகும்.

இன்னொன்று, "1906 முதல் 1908 வரை" என்று எழுதாதீர்கள். முதல், வரை என்றால் தொடர்ந்து நடந்த ஒன்று. படம் ஒரு நொடியில் எடுப்பது, அதற்கு "இடையே" தான் சரி. அதுபோல "சுமார் 1907-ஆக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது" என்பதில் ஒரு சந்தேகத்துக்கு மூன்று குடை. ஒரு வரிக்கு ஓர் ஐயச்சொல் போதும்.

எதன்மேல் ஐயம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். "தூத்துக்குடி, 1907 (?)" என்றால் அந்தக் கேள்விக்குறி ஊருக்கா, ஆண்டுக்கா? அடைப்புக்குள் கேள்விக்குறியையே தவிர்த்துவிடுவது நல்லது.

6. மூன்று வரி

வரிகளின் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வரி யார், இரண்டாவது எப்போது (தெரிந்தால் எங்கே), மூன்றாவது கையில் இருப்பது என்ன, யாருடையது. இந்த வரிசையை எல்லாப் பலகையிலும் காத்தால், தேதி மட்டும் பார்த்துக்கொண்டு நடப்பவருக்குக் கண் தானாக நடு வரிக்குப் போகும்.

நீளம் முன்பே தெரிய வேண்டும். பத்து அங்குல அகல அட்டையில் ஓரம் விட்டு, ஒரு மீட்டர் தள்ளி நின்று படிக்கும்படி 18 புள்ளி அளவில் அச்சிட்டால், தமிழில் ஒரு வரிக்கு ஏறத்தாழ 40 எழுத்து கிடைக்கும். மெய்யெழுத்தும் இடைவெளியும் சேர்த்துத்தான். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அகலம், ணை, ஞௌ போன்றவை இரண்டு இடம் பிடிக்கும். உங்கள் எழுத்துருவில் ஒரு வரியை அச்சடித்துப் பார்த்துவிட்டு இந்த எண்ணைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

பொதுவாக முதலில் எழுதப்படுவது இப்படி இருக்கும்: "கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல் வ.உ. சிதம்பரனார் அவர்கள் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்ட பொன்னாளில் தம் தோழர்களுடன், 1910." இதில் பட்டங்கள் பின்னாளில் வந்தவை, பாதி இடத்தைத் தின்கின்றன. "பொன்னாளில்" என்பது ஒரு நிகழ்ச்சியை உறுதி செய்கிறது, படம் அதைக் காட்டவில்லை. "தோழர்கள்" என்பதற்கும் ஆதாரம் இல்லை, கம்பெனிக் குமாஸ்தாக்களாகவும் இருக்கலாம், பங்குதாரர்களாகவும் இருக்கலாம். தூத்துக்குடி என்பதுகூட ஊகம்தான், ஊர்ப்பெயர் பலகையில் தெரியவில்லை. ஆண்டு தவறு.

ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் மிஞ்சுவது:

வ.உ. சிதம்பரம் பிள்ளை (நடுவில்), பெயர் தெரியாத நால்வருடன்
எடுத்தது: 1906 இறுதிக்கும் 1908 மார்ச்சுக்கும் இடையே
1972-க்குப் பிந்தைய நகல் அச்சு, தனியார் சேகரிப்பு, எண் 14

ஊரை இரண்டாம் வரியில் "தூத்துக்குடி எனக் கருதப்படுகிறது" என்று சேர்க்க இடமில்லை. சேர்த்தால் வரி ஐம்பதைத் தாண்டும், ஒரே வரியில் இரண்டு ஐயமும் வரும். அதனால் விட்டுவிட்டோம். பார்ப்பவருக்குப் பலகை படத்திலேயே தெரிகிறது. "பெயர் தெரியாத நால்வர்" என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். கண்காட்சிக்கு வரும் உள்ளூர்க் குடும்பங்களில் யாராவது, "இவர் எங்க தாத்தா" என்று முன்வருவதற்கு அந்த மூன்று சொல்தான் வாசல்.

இடம் வலம் சொல்லிப் பெயர் அடுக்க வேண்டிய படங்களில், படம் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுத்து தெரிந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் கோட்டைப் பாருங்கள்: ஆண்கள் கோட்டில் இடப்பாதி வலப்பாதியின் மேல் வரும், மேல் சட்டைப்பை அணிந்தவரின் இடப்பக்கம் இருக்கும். மாறியிருந்தால் நகல் எடுத்தவர் நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டார்.

7. அனுமதிக் கடிதம்

இதை எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள், மற்ற எல்லாவற்றையும்விட மெதுவாக நகர்வது இதுதான். அச்சை வைத்திருப்பவரும் அதன் பதிப்புரிமை உள்ளவரும் ஒருவரே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்பத்தாரிடம் வாங்கும் கடிதத்தில் நான்கு செய்தி இருக்க வேண்டும்: எந்தப் படம் (சிறு பிரதியை ஒட்டுங்கள்), எதற்கு (கண்காட்சிக்கு மட்டுமா, மலருக்கும் சுவரொட்டிக்குமா), எவ்வளவு காலம், மூன்றாம் வரியில் நன்றி எப்படி வர வேண்டும். கடைசியை அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். பெயர் வேண்டாம், "தனியார் சேகரிப்பு" போதும் என்பவர்கள் உண்டு. பெயரில் ஒரு தலைப்பெழுத்து விட்டதற்குக் கோபித்துக்கொண்டு படத்தையே திருப்பி வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

தேதியைச் சரிபார்க்க எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கோ தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ போவதாக இருந்தால், அடையாள அட்டையோடு உங்கள் நிறுவனத்தின் அறிமுகக் கடிதத்தையும் கொண்டுபோங்கள். பிரதி எடுக்கும் கட்டணத்தையும் படத்தை அச்சிட அனுமதிக் கட்டணத்தையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். முதலாவதைக் கட்டினால் இரண்டாவதும் அடங்கிவிட்டது என்று எண்ணித்தான் பலர் கடைசி வாரத்தில் திண்டாடுகிறார்கள். அங்கே போகும்போது "வ.உ.சி. படம் வேண்டும்" என்று கேட்காமல், "1907 மே மாத சுதேசமித்திரன்" என்பதுபோல் மாதத்தோடு கேட்டால் ஒரு நாளில் வேலை ஆகும்.

8. அச்சகம்

அட்டைகளை அச்சகத்தார் சதுர அடிக் கணக்கில் போடுவார்கள், குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றும் வைத்திருப்பார்கள். நான்குக்கு இரண்டு அடிப் பலகையில், பத்துக்கு மூன்று அங்குல அட்டை, வெட்டும் இடைவெளி விட்டு 25 தாராளமாக அடங்கும். ஆக, மொத்தமாக ஒரே தடவை கொடுத்தால் செலவு சொற்பம். ஒரு தேதி தவறென்று ஓர் அட்டையை மட்டும் மறுபடி கேட்டால் அதே குறைந்தபட்சக் கட்டணம் முழுதாக விழும். பலகையில் மிஞ்சும் இடத்தில் வெற்று அட்டை இரண்டு மூன்று, அதே நிறத்தில், அச்சிட்டு வாங்கி வையுங்கள்.

இங்கேதான் தேதி இன்னொரு முறை கெடும். நீங்கள் யூனிகோடில் அனுப்புவீர்கள், சில அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைப்பார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் பிரிவது கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம். தெரியாமல் போவது ஆண்டுகளுக்கு நடுவே இருக்கும் நீளக்கோடு. பழைய எழுத்துருக்களில் அந்த இடத்தில் ஏதாவது தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும், அல்லது கோடே காணாமல் போய் "19071908" என்றாகும். சாதாரணச் சிறுகோடு போடுங்கள், அல்லது "இடையே" என்று சொல்லால் எழுதுங்கள். எழுத்தை வடிவமாக மாற்றிய பி.டி.எஃப். கோப்பாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

"12.3.08" போன்ற சுருக்கத்தை அறவே விடுங்கள். எட்டு எந்த நூற்றாண்டு என்பது போகட்டும், பக்கம் அமைப்பவர் நல்லெண்ணத்தில் அதை 2008 ஆக்கிவிடுவார். மாதத்தைச் சொல்லாலும் ஆண்டை நாலிலக்கத்திலும் எழுதுங்கள்.

திறப்புக்குப் பத்து நாள் முன் மெய்ப்பு உங்கள் கைக்கு வர வேண்டும். அதைப் படிக்கும் முறை தனி: ஒருவர் படத்தாளைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் அச்சான அட்டையில் எண்களை மட்டும் சரிபார்க்கட்டும். எழுதியவரே திருத்தினால், தான் எழுத நினைத்ததைத்தான் படிப்பார். பிறகு எல்லா அட்டைகளின் இரண்டாம் வரிகளை மட்டும் ஒரே பட்டியலாக எடுத்து, சுவரில் ஒட்டிய வாழ்க்கைத் தேதித் தாளோடு ஒருமுறை ஓட்டுங்கள். 1908 மார்ச்சுக்கும் 1912 டிசம்பருக்கும் நடுவில் ஏதாவது படம் நின்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

மூன்று நாள் முன்பு வரும் புதுத் தகவலுக்கு அட்டையை மாற்றலாம். திறந்த பிறகு வந்தால், வாய்ச்சொல்லைக் கேட்டு அன்றே மாற்றாமல், சொன்னவரின் பெயர், தொடர்பு, ஆதாரம் மூன்றையும் படத்தாளின் கீழ்ப் பாதியில் எழுதிக்கொள்ளுங்கள். ஆதாரம் கைக்கு வந்து, வேலி நகர்ந்தால், எடுத்து வைத்த வெற்று அட்டையில் புதிய வரியை அச்சிட்டுப் பொருத்துங்கள். பழைய அட்டையின் பின்புறம் மாற்றிய நாளைக் குறித்து, படத்தாளோடு சேர்த்துக் கோப்பில் போட்டுவிடுங்கள்.